மூன்று அச்சாரமும் ஆயிரத்து ஐந்நூறு பங்கும்

மண்டபத்தில் படகுச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு நான்தான் வருமான வரிக் கணக்கு போடுகிறேன். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் என் அலுவலகம். வருடத்துக்கு இரண்டு முறை வருவார், பில் கட்டைக் கொடுப்பார், டீ குடிப்பார், போவார். 2025 ஜூன் கடைசியில் மட்டும் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தார். இந்த ஆய்வு அந்த வாரத்தையும், அவரை அங்கே கொண்டுவந்த மூன்று மாதப் பங்கு ஆப்ஷன் விற்பனையையும் பற்றியது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பங்கின் பெயரையும் தரகு நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். விலைகளைப் படிக்க வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

அவர் கையில் ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தின் பங்கு 2,000 இருந்தது. ஆறேழு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது, சராசரி விலை 240 ரூபாய். மார்ச் மாதம் சந்தை விலை 402. ஆக எட்டு லட்சத்துக்கு மேல் பெறுமானம் டீமேட் கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தது. 'சும்மா' என்பது அவருடைய சொல். அந்தச் சொல்லில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறிவிடும். படகுச் சாமான் கடைக்கு இது வியாபாரம் இல்லாத காலம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் சாமான் போகும், பணம்தான் வராது. படகைப் பழுது பார்க்கிற காலம் இதுதான். பெயின்ட், பைபர், கயிறு, வலை எல்லாம் கடனுக்குப் போகும். படகு கடலுக்குப் போய், மீன் விற்று, ஜூலையில்தான் கடன் திரும்பும். அதற்கிடையில் மொத்த வியாபாரிக்கு அண்ணன் பணம் கட்டியாக வேண்டும். மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வந்தால் வீட்டுச் செலவாவது ஓடுமே என்ற நிலையில் யாரோ அவரிடம் கவர்டு கால் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "பங்கை விற்க வேண்டாம், வாடகைக்கு விட்டால் போதும்" என்று.

அது வாடகை இல்லை என்று முதல் நாளே சொன்னேன். ஆனால் அவருக்குப் புரியும்படி சொன்னேனா என்பது வேறு விஷயம்.

அச்சாரம் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உச்சிப்புளியில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஒருவர் வந்து, "இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் முடித்துக்கொள்கிறேன்" என்று அச்சாரம் கொடுக்கிறார். தேதிக்குள் நிலத்தின் விலை ஏறினால் அவர் ஓடிவந்து பேசிய விலைக்கு எழுதி வாங்கிக்கொள்வார். ஏறாவிட்டால் வரமாட்டார், அச்சாரப் பணம் நமக்கு. கால் ஆப்ஷன் விற்பது இதுதான். பேசிய விலைக்குப் பெயர் ஸ்ட்ரைக். அச்சாரத்துக்குப் பெயர் பிரீமியம். தேதி என்பது எக்ஸ்பைரி. ஒரே வித்தியாசம், தோப்பு விஷயத்தில் அச்சாரம் கிரயத்தொகையில் கழிந்துவிடும். இங்கே கழியாது, பிரீமியம் தனி, ஸ்ட்ரைக் விலை தனி. கையில் பங்கை வைத்துக்கொண்டு அதன்மேல் கால் விற்றால் அது கவர்டு கால். பங்கு இல்லாமல் விற்றால் அது வேறு விளையாட்டு, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

வாடகை என்று நினைக்கிறவர் மாதாமாதம் வரும் தொகையை மட்டும் பார்ப்பார். அச்சாரம் என்று நினைக்கிறவர் முதலில் கேட்கும் கேள்வி வேறு: இந்த விலைக்கு என் தோப்பைக் கொடுக்கச் சம்மதமா?

முதல் இரண்டு மாதம்

நம் சந்தையில் பங்கு ஆப்ஷனை ஒன்றிரண்டாக விற்க முடியாது. லாட் கணக்குதான். இந்தப் பங்குக்கு ஒரு லாட் 1,500. அண்ணனிடம் 2,000 இருப்பதால் ஒரு லாட் விற்கலாம், 500 பங்கு அச்சாரம் வாங்காமல் ஒதுங்கி நிற்கும். இந்த 500 பின்னால் இரண்டு இடத்தில் கதைக்குள் வரும்.

மார்ச் 28 அன்று விலை 402. ஏப்ரல் 24 எக்ஸ்பைரிக்கு 420 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனைப் பங்குக்கு 5.50 ரூபாய் வீதம் விற்றார். கையில் வந்தது 8,250 ரூபாய். ஏப்ரல் 24 அன்று பங்கு 409-இல் முடிந்தது. 420-ஐத் தொடாததால் அந்த கால் செல்லாக்காசானது, 8,250 முழுதும் அவருக்கு. பங்கும் ஏழு ரூபாய் ஏறியிருந்தது. கவர்டு கால்காரருக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது: விலை கொஞ்சம் ஏற வேண்டும், ஆனால் ஸ்ட்ரைக்கைத் தாண்டக் கூடாது.

ஏப்ரல் 25, விலை 408. மே 29-க்கு 430 ஸ்ட்ரைக், 6 ரூபாய், மொத்தம் 9,000. இந்தத் தடவை பங்கு இறங்கியது. மே 29 அன்று 388. கால் மறுபடி செல்லாக்காசு. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா தம்பி, இறங்கினாலும் நமக்குத்தான்" என்றார்.

இறங்கினால் நமக்கு இல்லை. 20 ரூபாய் இறக்கம், 1,500 பங்கு, 30,000 ரூபாய் பெறுமானம் குறைந்திருக்கிறது. வந்தது 9,000. அதாவது அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பிரீமியம் தாங்கியது. கவர்டு காலில் இறக்கத்துக்குக் காப்பு என்று சொல்வதெல்லாம் அந்த ஆறு ரூபாய் அளவுக்குத்தான். அதற்குக் கீழே பங்கு எவ்வளவு போனாலும் முழுதும் நம் தலையில். அண்ணன் அதைக் கணக்கில் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது: 9,000 வங்கிக் கணக்கில் தெரிகிறது, 30,000 எங்கேயும் தெரியவில்லை. இந்தப் பார்வைக்கோளாறுதான் அடுத்த மாதத்தைக் கெடுத்தது.

ஜூன் மாதத்து ஸ்ட்ரைக்

மே 30. விலை 388. ஜூன் 26 எக்ஸ்பைரிக்குப் பழைய 430 ஸ்ட்ரைக்கைப் பார்த்தார். 1.20 ரூபாய்தான் கிடைக்கும், மொத்தம் 1,800. "இதுக்கு ஏன் கடை திறக்கணும்?" என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கீழே வந்து பார்த்தார். 395 ஸ்ட்ரைக் 8.50-க்கு நின்றது. 12,750 ரூபாய்! தடைக்காலத்தின் கடைசி மாதம், கையில் பணமில்லை. விற்றுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வரி பார்க்கிறவன், சந்தை வாத்தியார் இல்லை.

முதல் இரண்டு மாதமும் அவர் ஸ்ட்ரைக்கை முதலில் முடிவு செய்தார், பிரீமியம் தானாக வந்தது. மூன்றாவது மாதம் பிரீமியத்தை முதலில் முடிவு செய்தார், ஸ்ட்ரைக் தானாக வந்தது. வேலை ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தலைகீழ்.

395 எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை அன்றே கண்டுபிடித்திருக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆப்ஷன் பட்டியலிலேயே ஐ.வி. என்று ஒரு சதவீதம் இருக்கும். இந்தப் பங்கு வருடத்துக்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை நினைக்கிறதோ அந்த அளவு அது. அன்றைக்கு 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மாத ஆட்டம் வேண்டுமென்றால் பன்னிரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.5-ஆல் வகுக்க வேண்டும். ஏழு சதவீதம் வருகிறது. 388-இல் ஏழு சதவீதம் என்றால் 27 ரூபாய். இந்தப் பங்கு ஒரு மாதத்தில் 27 ரூபாய் மேலேயோ கீழேயோ போவது சாதாரணம் என்று சந்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அண்ணன் ஏழு ரூபாய்த் தூரத்தில் வேலி போட்டிருக்கிறார்.

அதே பட்டியலில் டெல்டா என்று இன்னொரு எண் உண்டு. 420 விற்ற மாதம் அது 0.3 அளவில் இருந்தது. 395-க்கு 0.45-ஐ ஒட்டி. தோராயமாக, பங்கு நம் கையை விட்டுப் போக எத்தனை வாய்ப்பு என்று அதைப் படிக்கலாம். பத்தில் மூன்றாக இருந்தது பத்தில் நாலரையாகிவிட்டது. பிரீமியம் கூடியது சந்தையின் தாராளம் இல்லை. பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கும் வாய்ப்புக்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

இன்னொரு விஷயமும் உண்டு. விலை இறங்கிய பிறகு ஸ்ட்ரைக்கையும் இறக்கினால், இறக்கத்தில் பட்ட அடியை ஏற்றத்தில் மீட்கும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். மே மாதம் 408-லிருந்து 388-க்கு வந்த அடி முழுதும் அவருடையது. ஜூனில் 388-லிருந்து திரும்ப 408-க்கு ஏறினால் அதில் ஏழு ரூபாய்தான் அவருடையது. இறங்கும்போது முழுப் பங்காளி, ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பங்காளி.

பங்கு ஏறியது

ஜூன் இரண்டாவது வாரத்தில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய ஆர்டர் கிடைத்த செய்தி வந்தது. ஜூன் 12 அன்று விலை 412. அண்ணன் 8.50-க்கு விற்ற கால் 20 ரூபாயில் நின்றது.

அன்று அவருக்கு ஒரு வழி இருந்தது. 20 கொடுத்து அந்த காலைத் திரும்ப வாங்கி, ஜூலை எக்ஸ்பைரிக்கு 420 ஸ்ட்ரைக்கை 13-க்கு விற்பது. இதை ரோல் செய்வது என்பார்கள். கையிலிருந்து ஏழு ரூபாய் வீதம் 10,500 போகும். பதிலுக்குப் பேசிய விலை 395-லிருந்து 420-க்கு உயரும், 37,500 ரூபாய்க்கு இடம் கிடைக்கும். எக்ஸ்பைரியும் ஒரு மாதம் தள்ளிப்போகும். நிச்சயமாக லாபம் என்று சொல்லமாட்டேன். ரோல் என்பது பழைய பந்தயத்தை மூடிவிட்டுப் புதுப் பந்தயம் கட்டுவது, அவ்வளவுதான். பங்கு உடனே இறங்கியிருந்தால் அந்த 10,500 வீணென்று தோன்றியிருக்கும். ஆனால் பங்கைக் கொடுக்க மனமில்லாதவர் யோசிக்க வேண்டிய நாள் அது. அண்ணன் யோசிக்கவில்லை. "நட்டத்துல எதுக்கு வாங்கணும், இறங்கிரும்" என்று இருந்துவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. விலை 438. அந்த வாரத்து மூன்று வருகையில் முதலாவது அன்றைக்குத்தான். கேள்வி ஒன்றுதான்: "பங்கு என் பேர்லதானே தம்பி இருக்கு, எப்படிப் போகும்?"

போகும். 2018 ஏப்ரலில் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி உத்தரவிட்டு, படிப்படியாக 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷனுக்கும் டெலிவரி கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன்னால் வித்தியாசத் தொகையைப் பணமாகக் கட்டினால் போதும். இப்போது எக்ஸ்பைரி அன்று பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேல் இருந்தால், கால் விற்றவர் பங்கையே ஒப்படைக்க வேண்டும். நல்லவேளையாக நம் ஊர்ப் பங்கு ஆப்ஷன்கள் 2011-லிருந்து ஐரோப்பிய வகை. வாங்கியவர் நடுவில் எந்த நாளிலும் வந்து பங்கைக் கேட்க முடியாது, எக்ஸ்பைரி அன்றுதான் கணக்கு. அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு முந்தின நாள் பங்கைப் பறிகொடுத்த கதைகளை இணையத்தில் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

அன்றைக்கு அண்ணன் முன் இருந்த வழிகள் இரண்டுதான். காலைத் திரும்ப வாங்கிப் பங்கைக் காப்பாற்றுவது, அல்லது 395-க்குக் கொடுத்துவிடுவது.

திரும்ப வாங்கும் வழியைப் பார்ப்போம். திரையில் கடைசி விலை 43.50. ஆனால் பங்கு விலை ஸ்ட்ரைக்கை இவ்வளவு தாண்டிவிட்ட ஆப்ஷனில் ஆள் நடமாட்டமே இருக்காது. வாங்குபவர் 41 கேட்கிறார், விற்பவர் 46 சொல்கிறார். அவசரப்பட்டு மார்க்கெட் ஆர்டர் போட்டால் 46. லிமிட் போட்டுக் காத்திருந்தால் 44-க்குள் கிடைக்கலாம். 43.50 என்றே வைத்தாலும் 65,250 ரூபாய் வேண்டும்.

கவர்டு காலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இதுதான். காகிதக் கணக்கில் அண்ணனுக்கு நட்டமே இல்லை. ஆப்ஷனில் போனது பங்கின் ஏற்றத்தில் வந்திருக்கிறது. ஆனால் ஆப்ஷனில் போவது ரொக்கம், பங்கில் வந்தது திரையில் ஓர் எண். பங்கை விற்காமல் வைத்திருக்க வேண்டுமென்றால் அந்த 65,250-ஐ வேறு எங்கிருந்தாவது ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். ஜூன் 14-உடன் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கடையில் கயிறும் ஆயிலும் பறக்கிற நேரம். இருந்த பணமெல்லாம் சரக்கில் முடங்கியிருந்தது. கடனுக்குக் கொடுத்தவர்கள் இன்னும் திருப்பவில்லை. மாதம் பத்தாயிரம் ரொக்கம் வேண்டும் என்று ஆரம்பித்த ஒருவரிடம், ரொக்கமே இல்லாத வாரத்தில், ஆறு மாதத்து வீட்டுச் செலவை ஒரே நாளில் கட்டச் சொல்கிறது இந்த ஏற்பாடு.

கட்டவில்லை. கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அடகில் இருந்த பங்கு

கொடுப்பதும் அவ்வளவு லேசாக இல்லை. பங்கு கையில் இருந்தாலும் கால் விற்க மார்ஜின், அதாவது ஈட்டுத்தொகை, கட்ட வேண்டும். 'என்னிடம்தான் பங்கு இருக்கிறதே' என்று சொன்னால் எடுபடாது. பொதுவாகச் செய்வது, அந்தப் பங்கையே பிளெட்ஜ் செய்வது, அதாவது அடகு வைப்பது. பங்கின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை மார்ஜினாகத் தருவார்கள். நகைக்கடனில் முழு மதிப்பும் தராததுபோலத்தான். தேவையான மார்ஜினில் பாதி ரொக்கமாகவோ, ரொக்கத்துக்குச் சமமான லிக்விட் ஃபண்டு போன்றவையாகவோ இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. இல்லையென்றால் தரகர் வட்டி போடுவார். அண்ணன் லிக்விட் ஃபண்டில் 70,000 வைத்திருந்தார், அதுவரை சரி.

தவறு, 2,000 பங்கையும் மொத்தமாக அடகு வைத்தது. ஒப்படைக்க வேண்டிய 1,500 பங்கும் அடகில். அடகில் இருக்கும் பங்கை எப்படி டெலிவரிக்கு எடுக்கிறார்கள் என்பது தரகு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இவருடைய இடத்தில் வாடிக்கையாளரே விடுவிக்கக் கோரிக்கை போட வேண்டும், ஒரு நாள் ஆகும். செவ்வாய் போட்டால் புதன் விடுபடும். எக்ஸ்பைரி வியாழன். இந்த மட்டும் நேரம் இருந்தது.

ஆனால் 1,500 பங்கை அடகிலிருந்து எடுத்தால் அதன் பேரில் கிடைத்த மார்ஜினும் போய்விடும், கால் இன்னும் உயிரோடு இருக்கும்போது. அதற்குமேல், எக்ஸ்பைரிக்கு முந்தின நாட்களில் டெலிவரிக்குப் போகக்கூடிய ஆப்ஷனுக்குத் தரகர்கள் மார்ஜினைக் கூட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து, மார்ஜினில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பற்றாக்குறை விழுந்தது. மச்சானிடம் இரண்டு நாளுக்கு என்று வாங்கிக் கட்டினார். கட்டாமல் விட்டிருந்தால் தரகர் அந்த கால் ஆப்ஷனைக் கிடைத்த விலைக்கு, அந்த 46-க்கோ அதற்கு மேலோ, தானே மூடியிருப்பார். பங்கை விடுவிக்காமலே விட்டிருந்தால் ஒப்படைக்கத் தவறியதாகி ஏலத்துக்குப் போயிருக்கும். அங்கே சந்தை விலைக்கு மேல் வாங்கி, அந்த வித்தியாசத்தையும் அபராதத்தையும் இவர் தலையில் கட்டுவார்கள். எட்டு லட்சம் ரூபாய் பங்கு வைத்திருக்கிறவர் பங்கு ஒப்படைக்கத் தவறினார் என்று பெயர் வாங்கியிருப்பார்.

இரண்டாவது முறை அவர் வந்தது இதைச் சொல்லத்தான். அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது: அச்சாரம் வாங்காத 500 பங்கு இருந்ததே. மே 30 விலையில் அதன் மதிப்பு 1,94,000. கழிவு போக ஒன்றரை லட்சத்துக்கு மார்ஜின் கிடைத்திருக்கும். லிக்விட் ஃபண்டு 70,000-உடன் சேர்த்தால் சாதாரண நாட்களுக்கு அதுவே போதும். அந்த 500-ஐ மட்டும் அடகு வைத்து 1,500-ஐத் தொடாமல் விட்டிருந்தால் விடுவிக்கிற வேலையே இல்லை. கடைசி நாள் கூடுதல் மார்ஜின் மட்டும் ஒரு தலைவலியாக இருந்திருக்கும். லாட்டுக்கு மேல் உதிரியாகப் பங்கு வைத்திருக்கிறவர்களுக்கு இது கைமேல் இருக்கிற வசதி. செயலியில் 'எல்லாவற்றையும் பிளெட்ஜ் செய்க' என்று ஒரே பொத்தான் இருப்பதால் யாரும் யோசிப்பதில்லை.

கணக்கு

ஜூன் 26 அன்று பங்கு 441-இல் முடிந்தது. 1,500 பங்கு 395 வீதம் போனது. கையில் வந்தது 5,92,500.

மூன்று மாதத்தில் வாங்கிய அச்சாரம் 8,250, 9,000, 12,750. கூட்டினால் சரியாக 30,000. இதில் செலவு பெரிதாக இல்லை. அப்போது ஆப்ஷன் விற்பவருக்குப் பரிவர்த்தனை வரி பிரீமியத்தில் 0.1 சதவீதம், 30,000-க்கு 30 ரூபாய். தரகும் மற்றதும் சேர்ந்து சில நூறுகள். டெலிவரியில் சுமார் 600 ரூபாய் பரிவர்த்தனை வரி.

கொடுத்தது, 441-க்கும் 395-க்கும் உள்ள 46 ரூபாய், 1,500 பங்குக்கு 69,000. ஒன்றுமே செய்யாமல் பங்கை வைத்துக்கொண்டு கடையைப் பார்த்திருந்தால் இருந்திருக்கும் நிலையைவிட 39,000 ரூபாய் பின்னால் இருக்கிறார்.

"அப்போ முதல்லயே தொடங்கியிருக்கக் கூடாதோ?" என்றார், மூன்றாவது வருகையில். அப்படியும் சொல்ல முடியாது. அதே மூன்று மாதத்தை வேறு விதமாக ஓட்டிப் பார்த்தோம். ஜூனிலும் 430-ஐயே பிடித்துக்கொண்டு அந்த அற்பமான 1,800-ஐ வாங்கியிருந்தால், மொத்த அச்சாரம் 19,050. 430-க்கு மேல் விட்டுக்கொடுத்தது 11 ரூபாய், 16,500. பங்கு போயிருக்கும், ஆனால் 430-க்குப் போயிருக்கும், கணக்கு 2,550 ரூபாய் முன்னால் நிற்கும். ஜூனில் ஒன்றுமே விற்காமல், விலை மீளட்டும் என்று விட்டிருந்தால் 17,250 லாபத்தில் 2,000 பங்கும் கையில். நட்டம் முழுதும் மே 30 அன்று 430-லிருந்து 395-க்கு இறங்கிய அந்த முடிவில் இருக்கிறது. அன்றைக்கு அதற்குக் கிடைத்த கூடுதல் அச்சாரம் 10,950. கொடுத்த கூடுதல் விலை 35 ரூபாய் வீதம் 52,500.

இதையும் சொல்லியாக வேண்டும்: ஆர்டர் செய்தி வராமல் பங்கு 390-லேயே கிடந்திருந்தால் 395 விற்றவர் 12,750 வாங்கிக்கொண்டு, 430 விற்றவரைப் பார்த்துச் சிரித்திருப்பார். ஒரு மாதத்து முடிவை வைத்து முறையை எடைபோட முடியாது. ஆனால் 395-க்குப் பங்கைக் கொடுக்கச் சம்மதமா என்று மே 30 அன்று அவரைக் கேட்டிருந்தால், போன மாதம் 409 பார்த்த பங்கை 395-க்கா என்று எழுந்து போயிருப்பார். அந்தக் கேள்வியை அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டது 12,750 வேண்டுமா என்பதை மட்டும்.

வரிக்கு வருவோம், அதுதானே என் வேலை. பங்கை அவர் வைத்திருந்தது ஒரு வருடத்துக்கு மேல். தோராயத்துக்குச் சராசரி விலையையே எடுத்தால், 395-லிருந்து 240 போக 155 ரூபாய், 1,500 பங்குக்கு 2,32,500 நீண்டகால மூலதன ஆதாயம். வருடத்துக்கு 1,25,000 வரை வரி இல்லை. மீதி 1,07,500-க்கு 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 13,975 ரூபாய். இந்த வருடம் பங்கை விற்கும் எண்ணமே அவருக்கு இல்லை. விற்றிருந்தாலும் 1,25,000 ஆதாயத்துக்குள் அடங்குமாறு இரண்டு மூன்று வருடமாகப் பிரித்து விற்று வரியே இல்லாமல் முடித்திருக்கலாம். எப்போது விற்பது என்ற உரிமையும் அச்சாரத்தோடு சேர்ந்து போய்விட்டது.

30,000 பிரீமியம் மூலதன ஆதாயத்தில் வராது. ஆப்ஷன் வருமானம் வியாபார வருமானம், அவருடைய வரி அடுக்கின்படி வரி. இதுவரை கடைக்கு ஐ.டி.ஆர்.-4 என்ற எளிய படிவம் போட்டுக்கொண்டிருந்தோம். அதில் நீண்டகால ஆதாயம் 1,25,000-க்குள் இருந்தால்தான் இடம். 2,32,500 என்றதும் ஐ.டி.ஆர்.-3. நானும் என் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினேன், மறைக்க ஒன்றுமில்லை.

பங்கு போன பணத்தில் மச்சானுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். மொத்த வியாபாரியின் பாக்கியைத் தீர்த்தார். மீதியில் திரும்ப அதே 1,500 பங்கை வாங்கலாமா என்று ஒரு நாள் முழுதும் யோசித்தார். 441 வீதம் 6,61,500 வேண்டும், வந்ததற்கு மேல் 69,000. வாங்கவில்லை. வாங்கினால் வாங்கிய தேதியும் புதிதாக ஆரம்பிக்கும், அடுத்த ஒரு வருடத்துக்குள் விற்றால் குறுகியகால ஆதாயமாகி 20 சதவீத வரி.

செப்டம்பரிலிருந்து எக்ஸ்பைரி கடைசி வியாழனிலிருந்து கடைசி செவ்வாய்க்கு மாறியது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். டீமேட்டில் 500 பங்கு மீதி இருக்கிறது, விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

"அந்த 500-க்கு மட்டும் சின்னதா ஒரு கால் விற்க முடியாதா தம்பி?"

"லாட் 1,500 அண்ணே."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டார்.